டிஷ்வாஷரில் எரர் கோடு வந்தால்: மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பது எப்போது போதும், எப்போது போதாது

டிஷ்வாஷர் பாதியில் நின்றுபோய், திரையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் மின்னத் தொடங்கியதும் நம் கை முதலில் போவது சுவிட்சுக்குத்தான். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் தப்பில்லை; பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் சில கோடுகள் அணைத்துப் போட்ட கால் மணி நேரத்தில் அப்படியே திரும்பி வரும். இன்னும் ஒருசில நேரங்களில், யோசிக்காமல் சுவிட்சை அணைப்பதே தரையில் தண்ணீர் ஓடக் காரணமாகிவிடும். எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. இயந்திரம் அந்தக் கோடை ஏன் காட்டுகிறது என்று புரிந்தால் போதும்.

## கோடு எங்கிருந்து வருகிறது

உள்ளே ஒரு கட்டுப்பாட்டுப் பலகை இருக்கிறது. போர்டு என்றே சொல்லுவோம். தண்ணீர் போதுமான அளவு வந்ததா, சூடானதா, வெளியேறியதா, அடித்தட்டில் ஈரம் இருக்கிறதா என்று அது சென்சார்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எதிர்பார்த்த பதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வராவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கோடைக் காட்டும்.

ஆக, கோடு இரண்டு விதமாக வரலாம். ஒன்று, போர்டே தடுமாறியிருக்கும். மின்சாரம் விட்டு விட்டு வந்தது, மின்னழுத்தம் ஏறி இறங்கியது, ஓட்டத்தின் நடுவில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள் என்பது போன்ற காரணங்கள். இரண்டாவது, போர்டு சரியாகத்தான் இருக்கிறது. சென்சார் சொல்லும் செய்தியும் உண்மை. தண்ணீர் நிஜமாகவே வடியவில்லை, அல்லது நிஜமாகவே உள்ளே வரவில்லை.

மின்சாரத்தை நிறுத்துவது முதல் வகைக்கு மட்டுமே மருந்து. இரண்டாவது வகையில் அடைப்பு அங்கேயே இருக்கும். நாம் அழித்தது போர்டின் நினைவை மட்டும்தான். அதனால்தான் கோடு அதே கட்டத்தில் திரும்ப வருகிறது. இந்த ‘அதே கட்டம்’ என்பதைக் கவனித்து வையுங்கள், பின்னால் உதவும்.

## முறையாக ரீசெட் செய்வது

முகப்பில் உள்ள ஆன்/ஆஃப் பொத்தானை அழுத்துவது ரீசெட் ஆகாது. விளக்குகள் அணைந்தாலும் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினாலும் புரோகிராம் அழியாது. மின்சாரம் வந்ததும் பெரும்பாலான இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மின்வெட்டில் பாத்திரங்கள் அரைகுறையாக நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே புரோகிராமை ரத்து செய்வது ஒரு வேலை, போர்டை அணைத்து எழுப்புவது இன்னொரு வேலை. இரண்டையும் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கோடைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் திரையிலிருந்து அதுவும் போய்விடலாம். திரையின் எழுத்து வடிவத்தில் 5-உம் S-உம் ஒரே மாதிரி தெரியும் என்பதால், SE என்று தேடிக் குழம்புகிறவர் பார்த்தது 5E ஆக இருக்கலாம்.

2. தண்ணீர்க் குழாயை மூடுங்கள். இது ஏன் மின்சாரத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதைக் கீழே E15 பகுதியில் சொல்கிறேன்.

3. புரோகிராமை ரத்து செய்யுங்கள். பல இயந்திரங்களில் ஸ்டார்ட் பொத்தானை 3 அல்லது 4 விநாடி அழுத்திப் பிடித்தால் போதும். பழைய பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ‘Reset’ என்று எழுதிக் கோடு போட்டு இணைத்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ரத்தானதும் பம்ப் ஓடி, உள்ளே இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வெளியேற வேண்டும். சூடான ஓட்டத்தில் கதவைத் திறக்க நேர்ந்தால் முதலில் இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து, தெறிப்பு அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள்.

4. இப்போது சாக்கெட்டின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் அலமாரிக்குப் பின்னால் எட்டாத இடத்தில் இருந்தால் மின்பெட்டியில் அதற்கான பிரேக்கரை இறக்குங்கள். தரை ஈரமாக இருந்தால் பிளக்கைத் தொடவே வேண்டாம், பிரேக்கர்தான் வழி.

5. 5 நிமிடம் விடுங்கள். போர்டில் உள்ள மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். உடனே போட்டால் சில போர்டுகள் அணைந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிமிடமே போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. 5 என்பது எல்லாவற்றையும் உள்ளடக்கிய நிதானமான அளவு.

6. மின்சாரத்தைக் கொடுத்து, குழாயைத் திறந்து, கிடைக்கும் புரோகிராம்களில் மிகக் குட்டையானதைப் பாத்திரமோ சோப்போ இல்லாமல் ஓட விடுங்கள்.

அந்தக் காலி ஓட்டம் முடிந்தால் இயந்திரத்தைப் பழையபடி பயன்படுத்தலாம். மீண்டும் வந்தால் அது இரண்டாவது வகை. ஒரே கோடுக்கு ரீசெட்டை ஒரு தடவைக்கு மேல் செய்வதில் எந்தப் பலனும் இல்லை என்பது என் கருத்து. மூன்றாம் தடவை, நான்காம் தடவை என்று போட்டுப் பார்க்கிறவர்கள் அடைபட்ட பம்பைத்தான் திரும்பத் திரும்பச் சிரமப்படுத்துகிறார்கள்.

## அணைத்துப் போடுவதே போதுமானவை

மின்வெட்டுக்குப் பிறகு பொத்தான்கள் எதற்கும் மசியாமல் நிற்பது, திரை உறைந்துபோவது, மீதி நேரம் 1 நிமிடம் என்று காட்டியபடி அப்படியே இருப்பது, இடிமின்னலுக்குப் பிறகு புதிதாக ஒரு கோடு தெரிவது ஆகியவை பெரும்பாலும் ஒரே ரீசெட்டில் தீரும். பாஷ் இயந்திரங்களில் E01 போர்டையே குறிக்கும் கோடு. அது ஒரு தடவை வந்து ரீசெட்டில் போய்விட்டால் விட்டுவிடலாம். திரும்பி வந்தால் போர்டைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் இயந்திரம் ஓடி, அதனால் வந்த கோடும் இப்படித்தான். தண்ணீர் திரும்பிய பிறகு ஒரு ரீசெட், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று. உப்பு தீர்ந்தது, ரின்ஸ் எய்ட் தீர்ந்தது என்று எரியும் விளக்குகள் எரர் அல்ல. எல்ஜியில் CL என்று தெரிந்தால் அது குழந்தைப் பூட்டு. இவற்றை மின்சாரத்தை நிறுத்திச் சரிசெய்ய முடியாது, சரிசெய்ய அங்கே எதுவும் கெட்டுப்போகவும் இல்லை.

## முதலில் கை வேலை, அப்புறம் ரீசெட்: தண்ணீர் வடியாத கோடுகள்

சர்வீஸுக்குப் போன் போடும் முன் நம்மால் தீர்க்கக்கூடியவற்றில் முக்கியமானவை இவைதான். பாஷ், சீமென்ஸில் E24, E25. புதிய மாடல்களில் E:61-02, E:61-03. எல்ஜியில் OE. சாம்சங்கில் 5E அல்லது 5C. எல்லாம் சொல்வது ஒன்றையே: வெளியேற்றும் பம்ப் ஓடியும் தண்ணீர் போகவில்லை, அல்லது பம்பே சுற்றவில்லை. உள்ளே அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தாலே உறுதியாகிவிடும்.

E25-ஐ எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். அது பம்ப் அடைபட்டிருக்கிறது அல்லது பம்பின் மூடி சரியாகப் பூட்டவில்லை என்று சொல்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கீழ்க் கூடையை வெளியே எடுங்கள். வடிகட்டியை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். தேங்கிய தண்ணீரை ஒரு கிண்ணத்தால் மொண்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றியெடுங்கள். வடிகட்டி இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் சின்னப் பிளாஸ்டிக் மூடி தெரியும். ஒரு கரண்டியின் நுனியால் அதை நெம்பி, உட்பக்கமாகச் சாய்த்து மேலே எடுக்க வேண்டும்.

மூடிக்குக் கீழே பம்பின் சுழலி இருக்கும். கைவிரலை விடுவதற்கு முன் டார்ச்சைப் பிடித்து நன்றாகப் பார்த்துவிடுங்கள், அங்கே சிக்கியிருப்பது பெரும்பாலும் கண்ணாடிச் சில்லு. பழ விதை, பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள், பல்குத்தும் குச்சியின் துண்டு இவையும் அகப்படும். குறடால் எடுத்த பிறகு சுழலியை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். அது வழுவழுவென்று சுற்றாது, விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கித்தான் நகரும். காந்தத்தின் இழுப்பு அது, பயப்பட வேண்டாம். கொஞ்சமும் அசையாமல் இறுகி இருந்தாலோ, எந்தத் தடையும் இல்லாமல் தளர்வாகச் சுற்றினாலோதான் பம்ப் போய்விட்டது என்று பொருள்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். இந்த ஓர் இடத்தில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். அடைப்பை எடுத்திருப்பார்கள், பம்பும் நன்றாக இருக்கும், ஆனால் மூடி அரை விரற்கடை தூக்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் குழிக்கே திரும்பிவிடும். மறுபடியும் E25 வரும், பம்பை மாற்ற வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வடிகட்டியையும் கழுவிப் பொருத்திய பிறகு ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றி, மேலே சொன்ன ரீசெட்டைச் செய்யுங்கள். பம்ப் ஓடி அந்தத் தண்ணீர் மறைந்தால் வேலை முடிந்தது.

பம்ப் சுத்தமாக இருந்தும் E24 வந்தால் பார்வையை வெளியே திருப்ப வேண்டும். இயந்திரத்தைப் பின்னால் தள்ளியபோது வடிகுழாய் மடங்கியிருக்கலாம். சிங்க்குக்குக் கீழே வடிகுழாய் சேரும் இடத்தில் கொழுப்பு உறைந்து அடைத்திருக்கலாம். குழாயின் அந்த முனையைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, பம்பை ஓடவிடுங்கள். வாளியில் தண்ணீர் வேகமாக விழுந்தால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, சிங்க்கின் கழிவுக் குழாயில்தான். புதிதாகப் பொருத்திய முதல் நாளே இந்தக் கோடு வந்தால், சிங்க்கின் கழிவுக் குழாயில் இணைப்பு வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை வெட்டி எடுக்காமலேயே இணைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம்.

தண்ணீர் உள்ளே வராத கோடுகள் இதைவிட எளிது: பாஷ் E18 அல்லது E:32-00, எல்ஜி IE, சாம்சங் 4E அல்லது 4C. குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, உள்வரும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குழாயை மூடி, இணைப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு சல்லடை தெரியும். மணலும் துருவும் சேர்வது அதில்தான். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அழுத்தம் போதுமா என்ற சந்தேகத்துக்கு 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்துப் பாருங்கள். பல கையேடுகள் கேட்பது நிமிடத்துக்கு 10 லிட்டர், குறைந்தது 0.5 பார் அழுத்தம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீராக இருந்தால், நீர்மட்டம் இயந்திரத்தைவிட சுமார் 5 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அந்த 0.5 பார் கிடைக்கும். அது இல்லாத வீட்டில் எத்தனை ரீசெட் செய்தாலும் கோடு வந்துகொண்டுதான் இருக்கும்.

## E15: அணைத்துப் போட்டால் தீராதது ஏன்

பாஷ், சீமென்ஸில் E15, எல்ஜியில் AE, சாம்சங்கில் LC. இயந்திரத்தின் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். பாத்திரம் வைக்கும் தொட்டிக்குக் கீழே, வெளியே தெரியாத இடத்தில் ஒரு தட்டு இருக்கிறது. கசிவு எங்கே நடந்தாலும் தண்ணீர் அங்கேதான் போய்ச் சேரும். பாஷ் போன்ற இயந்திரங்களில் அந்தத் தட்டில் ஒரு மிதவை உண்டு. அது எழும்பிச் சுவிட்சைத் தட்டியதும் இயந்திரம் உள்வரும் தண்ணீரை நிறுத்தி, வெளியேற்றும் பம்பை இடைவிடாமல் ஓட்டும். பொத்தானை அழுத்தி அணைத்தாலும் உறுமல் நிற்காது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பம்ப் காலி செய்வது மேலே உள்ள தொட்டியைத்தான். அடித்தட்டுக்கு வடிகால் கிடையாது. அங்கே தேங்கியது அங்கேயே இருக்கும், மிதவையும் கீழே இறங்காது. மின்சாரத்தை ஒரு நாள் முழுக்க நிறுத்தினாலும் தண்ணீர் இருக்கும்வரை கோடு இருக்கும். ‘இரண்டு நாள் விட்டேன், தானாகச் சரியாகிவிட்டது’ என்று சொல்கிறவர்களின் இயந்திரத்தில் நடந்தது தண்ணீர் உலர்ந்தது மட்டும்தான். கசிவுக்கான காரணம் அப்படியேதான் இருக்கும்.

குழாயை முதலில் மூடச் சொன்னதன் காரணமும் இதுதான். உள்வரும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வு மின்சாரம் இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு மணல் துகள் சிக்கி அது முழுதாக மூடாமல் இருந்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டே தொட்டியை நிரப்பும். அந்த நேரத்தில் வெள்ளத்தைத் தடுத்து நிற்பது ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் ஒன்றுதான். குழாயைத் திறந்து வைத்தபடி மின்சாரத்தை நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும், தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் குழாய் முதலில், மின்சாரம் பிறகு.

கையேடுகள் E15-க்குக் குழாயை மூடிவிட்டுச் சர்வீஸைக் கூப்பிடச் சொல்கின்றன. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு அதையே செய்யுங்கள். அது முடிந்துவிட்டதென்றால், கூப்பிடும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முயற்சி செய்யலாம். முதலில் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். கையால் கழுவும் திரவ சோப்பை யாராவது ஊற்றியிருந்தால் நுரை பொங்கிக் கதவின் அடி விளிம்பு வழியாக வழிந்திருக்கும். அப்படியானால் கசிவு என்று ஒன்றுமே இல்லை. நுரையை வழித்தெடுத்து, தட்டை உலர்த்திய பிறகு, சோப்பு இல்லாமல் ஒன்றிரண்டு அலசல் ஓட்டினால் போதும்.

உலர்த்துவதற்கு, மின்சாரம் துண்டித்த நிலையில், கதவுக்குக் கீழே உள்ள முன்பலகையின் திருகுகளைக் கழற்றுங்கள். அடித்தட்டு தெரியும், பஞ்சாலும் பழந்துணியாலும் ஒற்றியெடுக்கலாம். எட்டாத இடத்தில் தேங்கியிருந்து, இயந்திரம் தனியாக நிற்கும் வகையாக இருந்தால், இருவர் சேர்ந்து மெல்லப் பின்னால் சாய்த்து, வழியும் தண்ணீரைத் துண்டுகளில் பிடிக்கலாம். அலமாரிக்குள் பொருத்தியதை இழுத்துச் சாய்க்கப் பார்க்காதீர்கள், குழாய் இணைப்பு பிய்ந்தால் வேறு வேலை வந்துவிடும்.

முன்பலகையை மாட்டாமல், தட்டின் மேல் காகிதத் துண்டுகளைப் பரப்பிவிட்டு ஒரு குட்டை ஓட்டம் விடுங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். முதல் சில நிமிடத்தில், தண்ணீர் நிரம்பும்போதே காகிதம் நனைந்தால் உள்வரும் குழாய் அல்லது வால்வின் இணைப்பு. தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியதும் முன்பக்கம் நனைந்தால் கதவின் ரப்பர், அல்லது விரிசல் விட்டுக் கதவின் மேல் பீய்ச்சும் சுழற்கை. கடைசியில் பம்ப் வெளியேற்றும்போது நனைந்தால் வடிகுழாயின் இணைப்பு. ரப்பரைத் துடைப்பது, சுழற்கையை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. மற்றவை மெக்கானிக்கின் வேலை. எதுவானாலும் எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம் நனைந்தது என்று நீங்கள் சொன்னால் அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

## ரீசெட்டே வேண்டாம், நேராகக் கூப்பிடுங்கள்

கருகல் வாடை, பிளக்கில் சூடு, இயந்திரம் தொடங்கியதும் பிரேக்கர் விழுவது, கதவைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிப்பது இவற்றில் எது இருந்தாலும் திரும்ப மின்சாரம் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

வெப்பப்படுத்தும் பகுதியின் கோடுகளும், அதாவது பாஷ் E09, எல்ஜி HE போன்றவை, வீட்டில் தீர்பவை அல்ல. ரீசெட் செய்தால் அரை மணி நேரம் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். தண்ணீரைச் சூடாக்க வேண்டிய கட்டம் வந்ததும் நின்றுவிடும். குளிர்ந்த தண்ணீரிலேயே முடியும் புரோகிராமைப் போட்டால் கோடு வராமல் முடிந்துவிடவும் செய்யும். அதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியவை: கோடின் படம், கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் தெரியும் தகட்டில் உள்ள மாடல் எண், ஓட்டம் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, ரீசெட்டுக்குப் பிறகு அதே நிமிடத்தில்தான் நின்றதா என்ற விவரம். அடித்தட்டைத் துடைத்திருந்தாலோ, பம்பின் மூடியைக் கழற்றியிருந்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் வந்து காய்ந்த தட்டைப் பார்த்துவிட்டு, கசிவே இல்லை என்று திரும்பிவிடுவார்.